இனிஷியலை அப்புறம் பார்க்கலாம், முதலில் நாமினேஷன்

வாசகியின் கடிதம்

கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வயது 29. நான் வேலைக்குச் சேரும் முன்பே அப்பா இறந்துவிட்டார். அம்மா என் சம்பளத்தில்தான் இருக்கிறார். தம்பி வேலைக்குப் போகிறான். கடந்த ஆவணியில் எனக்குத் திருமணம் நடந்தது, பதிவும் செய்துவிட்டோம். பன்னிரண்டாம் நாளே கணவர் பெயரை மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கச் சொல்லி எச்.ஆர். பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றையும் கணவர் இனிஷியலுக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள், எல்லாவற்றையும் சேர்த்துச் செய்துவிடலாம்" என்றார்கள். ஆறு மாதம் ஆகிவிட்டது, எதுவும் நடக்கவில்லை. ஏப்ரல் 1-இல் காப்பீடு புதுப்பிக்கப்படும். மாமனார், மாமியார் எங்களுடன் இருக்கிறார்கள். அவர்களுக்கு வருமானம் இல்லை, கணவர்தான் பார்த்துக்கொள்கிறார். பெயரை மாற்றிவிடு என்று மாமியார் சொல்கிறார். மாற்றாவிட்டால் சட்டச் சிக்கல் வருமா? மாற்றினால் ஆறு ஆண்டு சர்வீஸ் போய்விடுமா? பி.எஃப்.-இல் சுமார் ஆறு லட்சம் இருக்கிறது. அம்மாவுக்கு 60 சதவீதம், தம்பிக்கு 40 சதவீதம் என்று நாமினி போட்டிருக்கிறேன். கிராஜுவிட்டிக்கும் நிறுவனத்தின் ஆயுள் காப்பீட்டுக்கும் அம்மாதான் நாமினி. அதனால் அதில் அவசரம் இல்லை என்று நினைக்கிறேன், சரிதானே?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் சரியில்லை. நீங்கள் அவசரம் இல்லை என்று ஒதுக்கி வைத்த விஷயம்தான் இதில் அவசரமானது. நீங்களும் உங்கள் அலுவலகமும் ஆறு மாதமாகக் கட்டிக்கொண்டு அழும் இனிஷியல் விஷயம் ஆறு ஆண்டு காத்திருந்தாலும் ஒன்றும் ஆகிவிடாது.

உங்கள் எச்.ஆர். பிரிவு இரண்டு வேறு வேலைகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. திருமண நிலை மாறிவிட்டது என்று பதிவு செய்வது ஒன்று. பெயரை மாற்றுவது இன்னொன்று. முதலாவது ஏற்கெனவே நடந்துவிட்ட உண்மை, அதற்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ் போதும். இரண்டாவது உங்கள் விருப்பம். திருமணமான பெண் பெயரையோ இனிஷியலையோ மாற்றியே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எனக்குத் திருமணமாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, என் பார் கவுன்சில் அட்டையில் இன்றும் என் அப்பாவின் முதல் எழுத்துதான் இருக்கிறது. எந்த நீதிமன்றமும் என்னைத் திருப்பி அனுப்பியதில்லை.

ஒரே திருமணம், மூன்று தாள்கள்

நாமினி என்று ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் நாமே மாற்றும்வரை அது அப்படியே நிற்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நீங்கள் அம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்த மூன்று தாள்களும் உங்கள் திருமணத்தன்று மூன்று விதமாக நடந்துகொண்டன.

முதலில் பி.எஃப். 1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் 61-ஆம் பத்தியைப் பாருங்கள். உறுப்பினருக்குத் திருமணம் ஆனதும் புதிதாக நாமினேஷன் செய்ய வேண்டும், திருமணத்துக்கு முன் செய்தது செல்லாததாகக் கருதப்படும் என்று அதில் இருக்கிறது. யாரும் அதை ரத்து செய்ய வேண்டியதில்லை. தாலி ஏறிய நாளிலேயே உங்கள் 60–40 காகிதம் செத்துவிட்டது. கணினித் திரையில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருப்பதுபோல் தெரியும், பலர் ஏமாறுவது அங்கேதான்.

தம்பியின் 40 சதவீதம் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அது திருமணத்துக்கு முன்பே செல்லாததுதான். உறுப்பினருக்குக் 'குடும்பம்' இருந்தால் குடும்பத்துக்கு வெளியே யாரையும் நாமினியாகப் போட முடியாது. உங்களைச் சார்ந்திருக்கும் அம்மா சட்டப்படி உங்கள் குடும்பம். சகோதரன் அந்தப் பட்டியலில் இல்லை. பாசம் வேறு, பி.எஃப். அகராதி வேறு.

இன்றைய தேதியில் உங்களுக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அபசகுனமாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள். செல்லுபடியாகும் நாமினேஷன் இல்லாதபோது 70-ஆம் பத்திப்படி பணம் குடும்ப உறுப்பினர்களுக்குச் சம பங்காகப் போகும். பெண் உறுப்பினரின் குடும்பம் என்றால் கணவர், பிள்ளைகள், அவரைச் சார்ந்த பெற்றோர் ஆகியோருடன் கணவரைச் சார்ந்த பெற்றோரும் சேர்த்தி. உங்கள் வீட்டில் இப்போது அப்படி நான்கு பேர் இருக்கிறார்கள்: கணவர், அம்மா, மாமனார், மாமியார். ஆறு லட்சத்தை நான்காகப் பிரித்தால் ஆளுக்கு ஒன்றரை லட்சம். அம்மாவுக்கு 3,60,000 ரூபாய் போகும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் கைக்கு வருவது 1,50,000. தம்பிக்கு ஒன்றுமில்லை. பி.எஃப்.-உடன் இணைந்த காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கும் தொகையும், அது அதிகபட்சம் ஏழு லட்சம் வரை போகும், இதே பி.எஃப். நாமினேஷனைத்தான் சார்ந்திருக்கிறது.

இரண்டாவது கிராஜுவிட்டி. இங்கே விதி வேறு. 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் இருந்த விதி, 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. நாமினேஷன் செய்யும்போது குடும்பமே இல்லாதவர் பின்னால் குடும்பம் பெற்றால்தான் பழையது செல்லாமல் போகும். நீங்கள் வேலைக்குச் சேர்ந்தபோதே அம்மா உங்களைச் சார்ந்திருந்தார், எனவே அன்றே உங்களுக்குக் குடும்பம் இருந்தது. அம்மா பெயரில் இருக்கும் அந்தத் தாள் திருமணத்துக்குப் பிறகும் செல்லும். ஒரு தோழனையோ சித்தப்பாவையோ போட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

மூன்றாவது, நிறுவனம் எடுத்துக் கொடுத்திருக்கும் குழு ஆயுள் காப்பீடு. திருமணம் நடந்ததால் மட்டும் இதில் நாமினி மாறிவிடுவதில்லை. நீங்கள் மாற்றும்வரை அம்மாதான். 2015-இல் காப்பீட்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவைத் திருத்தியபோது, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் அந்தப் பணம் அவர்களுக்கே உரிமையானது என்று ஆக்கிவிட்டார்கள். எனவே உங்கள் கணவருக்கு அதில் ஒரு பங்கு போக வேண்டும் என்று நீங்கள் விரும்பினால், எழுதிக் கொடுத்தால்தான் போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கு என்னிடம் வந்தது. திருமணமாகி நான்காம் ஆண்டில் விபத்தில் இறந்துபோன இளைஞர். பி.எஃப்.-இல் பழைய நாமினேஷன் அம்மா பெயரில், ஆயுள் காப்பீட்டிலும் அம்மா பெயர். மனைவி காப்பீட்டுப் பணம் தனக்கு என்று நம்பி வந்திருந்தார், தாய் பி.எஃப். முழுவதும் தனக்கு என்று நம்பி வந்திருந்தார். இரண்டுமே தவறு. என் அலுவலகத்தின் ஒரே பெஞ்சில் இரு ஓரங்களில் உட்கார்ந்திருந்த அந்த மாமியாரும் மருமகளும் அதற்கு முன்வரை சண்டை போட்டதே இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பி.எஃப்.-ஐ நீங்களே செய்யலாம்

இதற்கு எச்.ஆர். தயவு வேண்டாம், புதுப் பெயரும் வேண்டாம். உறுப்பினர் இணையதளத்தில் உங்கள் யு.ஏ.என். எண்ணில் நுழைந்து, `Manage` என்பதன் கீழ் `E-Nomination` என்பதைத் திறங்கள். முதல் கட்டத்தில் குடும்ப விவரம்: கணவர், அம்மா ஆகியோரின் ஆதார் எண், பிறந்த தேதி, புகைப்படம். அடுத்த கட்டத்தில் யாருக்கு எத்தனை சதவீதம். கடைசியில் ஆதார் வழியாக மின்கையெழுத்து. குடும்ப விவரத்தைச் சேமித்தவுடன் வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். மின்கையெழுத்து இடும்வரை அது வெறும் வரைவுதான். ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டைக் கொடுத்து முடித்த பிறகு, கையெழுத்திட்ட படிவத்தைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

பெயர் எதுவும் மாறாத இந்த நேரத்தில் இதைச் செய்வதில் ஒரு சௌகரியம் உண்டு. ஆதாரில் இருக்கும் பெயரும் பி.எஃப்.-இல் இருக்கும் பெயரும் இப்போது ஒன்றாக இருக்கின்றன. ஆதாரை முதலில் மாற்றிவிட்டால், பி.எஃப். பெயரைத் திருத்தும்வரை இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது, இடையில் எந்த வேலை செய்தாலும் தடங்கல் வரலாம். உங்கள் அலுவலகம் சொன்ன வரிசை தலைகீழானது என்று நான் சொல்வது இதனால்தான்.

சதவீதம் உங்கள் விருப்பம். கணவருக்கு இத்தனை கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. குடும்பப் பட்டியலில் இருப்பவர்களுக்குள் எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம், முழுவதையும் அம்மாவுக்கே எழுதினாலும் செல்லும். ஆனால் அது திருமணத்துக்குப் பின் எழுதியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்திலும் நீங்கள் உறுப்பினராக இருந்தால், குடும்ப ஓய்வூதியம் மட்டும் உங்கள் நாமினேஷனைப் பார்க்காது. அது சட்டப்படி முதலில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும்தான். இதைக் கணவரிடம் மறைத்துச் செய்யாதீர்கள் என்பது என் தனிப்பட்ட கருத்து. அம்மாவுக்கு வேறு வருமானம் இல்லை என்று அவருக்கும் தெரியும்தானே.

மருத்துவக் காப்பீடு: அந்தப் பன்னிரண்டாம் நாள் மின்னஞ்சல்

குழு மருத்துவக் காப்பீட்டில் புதிதாகத் திருமணமானவரின் துணையைப் பாலிசி ஆண்டின் நடுவில் சேர்க்க ஒரு கால வரம்பு இருக்கும். பெரும்பாலான பாலிசிகளில் அது திருமண நாளிலிருந்து 30 நாள். அதைத் தவறவிட்டால் அடுத்த புதுப்பிப்புவரை காத்திருக்க வேண்டும். நீங்கள் தவறவிடவில்லை, பன்னிரண்டாம் நாளே சொல்லிவிட்டீர்கள். தாமதம் அலுவலகத்தின் பக்கம். அந்த மின்னஞ்சலை அழிக்காமல், உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரிக்கும் ஒரு பிரதி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் இதை வைத்துக்கொண்டு இப்போது சண்டைக்குப் போவதால் பெரிய லாபம் இல்லை. ஏப்ரல் 1-க்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. புதுப்பிப்புக்கான உறுப்பினர் பட்டியலை நிறுவனங்கள் மார்ச் நடுவிலேயே காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிடுவது வழக்கம். அந்தப் பட்டியலில் கணவர் பெயர் ஏறுகிறதா என்பதுதான் உங்கள் கவலையாக இருக்க வேண்டும். இந்த ஆறு மாத இடைவெளியில் கணவருக்கு மருத்துவச் செலவு ஏதும் நேர்ந்திருந்தால் மட்டும் நிலைமை வேறு, அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.

எச்.ஆர். பிரிவுக்கு இப்படி ஒரு கடிதம் கொடுங்கள். நீளம் வேண்டாம்.

> பொருள்: திருமண நிலை மாற்றத்தைப் பதிவு செய்யக் கோருதல்
>
> எனக்கு (தேதி) அன்று திருமணம் நடந்தது. பதிவுச் சான்றிதழின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. என் பெயரில் மாற்றம் ஏதும் இல்லை. பணிப் பதிவேட்டிலும் சம்பளப் பதிவிலும் என் திருமண நிலையை மாற்றி, கணவர் பெயரைக் குடும்ப விவரத்தில் சேர்க்கவும். இதை (தேதி) அன்றே மின்னஞ்சலில் தெரிவித்திருக்கிறேன். ஏப்ரல் 1 முதல் தொடங்கும் மருத்துவக் காப்பீட்டின் உறுப்பினர் பட்டியலில் அவரைச் சேர்த்து, சேர்த்த விவரத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும்.

இதில் உயிர்நாடி 'என் பெயரில் மாற்றம் ஏதும் இல்லை' என்ற வரி. அது இருந்தால் ஆதார் கொண்டுவா, பான் கொண்டுவா என்று கேட்பதற்கு அவர்களுக்குக் காரணமே இல்லை. பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தையும் தேதியையும் நகலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏப்ரலில் புதிய காப்பீட்டு அட்டை வந்ததும் கணவரின் பெயர் அவருடைய ஆதாரில் இருப்பதுபோலவே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் அந்த இரண்டையும்தான் ஒப்பிடுவார்கள்.

பெயரை மாற்றுவது என்று முடிவு செய்தால்

மாமியார் சொல்கிறார் என்பதற்காக வேண்டாம். உங்களுக்கே பிடித்திருந்தால் செய்யுங்கள். ஆறு ஆண்டு சர்வீஸ் எங்கும் போகாது. உங்கள் பணிக்காலம் பணியாளர் எண்ணிலும் யு.ஏ.என். எண்ணிலும் ஏறியிருக்கிறது, பான் எண்ணும் மாறாது. பட்டச் சான்றிதழ்களையும் பழைய வருமான வரிப் படிவங்களையும் அப்படியே விட்டுவிடலாம். பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் நடுவில் பாலமாக நிற்பது திருமணச் சான்றிதழ். பணிப் பதிவேட்டில் 'முன்பு இன்ன பெயரில் பணியாற்றியவர்' என்று தேதியுடன் ஒரு குறிப்பு எழுதச் சொல்லி, அதன் நகலை வாங்கிக்கொண்டால் போதும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது, அது நம் ஊர் இனிஷியலால் வருவது. உங்கள் பெயர் கவிதா, அப்பா சுப்பிரமணியன், கணவர் ரமேஷ் என்று வைத்துக்கொள்வோம். திருமணத்துக்கு முன்பே உங்கள் பெயர் இப்படித்தான் இருந்திருக்கும்:

```
ஆதார்:  Kavitha S
பான்:   KAVITHA SUBRAMANIAN
வங்கி:  S KAVITHA
```

பான் அட்டையில் கடைசிப் பெயருக்கு ஒற்றை எழுத்தை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். ஆதாரில் இனிஷியல் போதும். வங்கியிலோ இனிஷியல் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். மனிதக் கண்ணுக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். மாற்றுவதுதான் முடிவு என்றால் `Kavitha R` என்று மாற்றி இதே குழப்பத்தைப் புது எழுத்தில் தொடராதீர்கள். `Kavitha Ramesh` என்று விரித்த வடிவத்தை, இதே வரிசையில், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கொடுங்கள்.

ஆதாரில் தொடங்குங்கள், ஆனால் நிதானமாக. பெயரை வாழ்நாளில் இரண்டு முறை மட்டுமே அதில் மாற்ற முடியும். எழுத்துப்பிழையோடு ஒரு வாய்ப்பை வீணாக்கிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆதார் வந்த பிறகு பான், பிறகு வங்கி, பிறகு பி.எஃப். உங்கள் யு.ஏ.என். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதார் சரிபார்ப்புடன் உருவானது என்றால், ஆறு ஆண்டு சர்வீஸ் என்பதால் அப்படித்தான் இருக்க வேண்டும், பெயரையும் திருமண நிலையையும் இணையத்தில் நீங்களே திருத்தலாம். நிறுவனத்தின் ஒப்புதல் தேவையில்லை என்று 2025 ஜனவரியில் நடைமுறையை எளிமையாக்கிவிட்டார்கள். இதற்கு முன்பு வேறு எங்காவது வேலை பார்த்துப் பழைய எண் இருந்தால் மட்டும் நிறுவனம் ஒப்புதல் தர வேண்டியிருக்கும். இந்த நான்கும் முடிந்த பிறகு, ஒரே கடிதத்தில் நான்கு நகல்களையும் இணைத்துச் சம்பளப் பிரிவுக்கும் காப்பீட்டுக்கும் கொடுங்கள். இடையில் சம்பளம் நின்றுவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அது கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் வரவாகிறது. பி.எஃப். பணம் எடுக்க விண்ணப்பிப்பதாக இருந்தால் மட்டும், நான்கும் ஒத்துப்போகும்வரை காத்திருங்கள்.

இவை எல்லாம் பிறகு. இந்த வாரம் இரண்டே வேலை: ஒன்று மேலே உள்ள கடிதம், இன்னொன்று பி.எஃப். நாமினேஷன். கையெழுத்திட்ட அந்தப் படிவத்தை இரண்டு பிரதி அச்செடுத்து, ஒன்றை அம்மாவிடம் கொடுத்து, எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தம்பியிடம் அவன் பெயர் ஏன் அதில் இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.